குட்டி நண்டுக்குக் குரல்: இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தங்கச்சி

தங்கச்சி, போனில் நீ கேட்டதை அரைகுறையாகத்தான் சொன்னேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வலையில் மாட்டிக்கொள்ளும் குட்டி நண்டுக்கு ஏழு வயசுப் பெண் ஒருத்தியைப் பேச வைக்கப் போகிறாய். பதிவும் சென்னை ஸ்டுடியோவில் இல்லை, பழவேற்காட்டில் அவள் குப்பத்திலேயே. இதே ஏரிக்கரையில் நான் இரண்டு குறும்படங்களுக்குப் பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறேன். முதல் படத்தில் அந்தக் குழந்தையைக் களைக்க வைத்துவிட்டேன். அது இன்னும் எனக்கு வருத்தம்தான். நீ அப்படிச் செய்யக் கூடாது.

அன்று நாற்பது வசனத்தையும் ஒரே நாளில் முடித்துவிட நினைத்து, இரண்டு மணி நேரம் அவளை மைக் முன்னால் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது, அரை மணி நேரம் தாண்டியதுமே குரல் மாறியிருந்தது. ஒவ்வொரு வசனத்தின் கடைசி எழுத்தும் விழுங்கப்பட்டிருந்தது. அடிக்கடி எச்சில் முழுங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது மணி நேரத்தில் எடுத்ததில் ஒன்றுகூட உதவவில்லை. அடுத்த படத்தில் நாற்பத்திரண்டு வசனங்களை நான்கு நாளாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்: முதல் ஐந்து நிமிஷம் சும்மா பேச்சு, பன்னிரண்டு நிமிஷம் பதிவு, மீதி அவள் இஷ்டம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு வசனம் தாராளமாக வந்தது.

சட்டம் இதைவிட அதிக நேரம் தருகிறது. 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக் கலைஞரை நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்ய வைக்கக் கூடாது. அது தாண்டக் கூடாத எல்லை மட்டும்தான். ஏழு வயசுத் தொண்டைக்கு அதுதான் அளவு என்று நினைத்துவிடாதே. அதே விதிகளில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. மாவட்ட ஆட்சியரிடம், உனக்குத் திருவள்ளூரில், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அவள் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் அரசுடைமை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பதிவுத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே இந்தக் காகித வேலையை முடித்துவிடு. அவள் அம்மாவிடமும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடு.

நேரம் எது என்று கேட்டாய். காலையில் ஏலம் நடக்கும்போது கரை முழுக்கக் கூச்சல், மோட்டார் படகு சத்தம். மதியம் கடல் காற்று எழும்பிவிட்டால் தகரமும் ஓலையும் படபடக்கும். இரண்டுக்கும் நடுவில், ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை ஓரளவு அமைதி இருக்கும். ஆகவே பள்ளி இல்லாத சனி, ஞாயிறு காலைதான் சரி. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தையை மாலையில் கூப்பிடாதே. பசி, தூக்கம் இரண்டும் குரலில் தெரியும்.

அறைக்குள் எதிரொலியைக் குறைக்க எங்கள் பதிவில் ஒருத்தர் வீட்டிலிருந்த வலைகளைச் சுவரில் தொங்கவிட்டுத் தந்தார். அன்பாகத்தான் செய்தார். ஆனால் நைலான் வலை சத்தத்தை உறிஞ்சாது, கண்ணி வழியாக அப்படியே போய்விடும். பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிமிர்த்தி வைத்து, அவளை அந்த மூலைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். கை தட்டிப் பார்த்தால் 'டங்' என்று திரும்பி வந்த சத்தம் 'தப்' என்று அடங்கியது. மின்விசிறியை நிறுத்து. கொலுசு, வளையலைக் கழற்றி அம்மா மடியில் வைக்கச் சொல். மைக்கை அவள் வாயிலிருந்து ஒன்றரை சாண் தள்ளி, நெற்றி உயரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் வை. காகிதத்தைக் கையில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வாசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காகிதம் இல்லாமல் குழந்தைக்கு வசனத்தை எப்படித் தருவது? 1965இல் வந்த 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' படத்தில் சாலி என்ற சிறுமிக்குக் குரல் கொடுத்த கேத்தி ஸ்டைன்பெர்க் அப்போது சரியாக வாசிக்கக்கூடத் தெரியாத குழந்தை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்துத்தான் பதிவு செய்தார்கள். நீயும் அப்படித்தான் செய்யப் போகிறாய். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நீ நடித்துச் சொன்னால் அவள் உன்னைத்தான் நடிப்பாள். உன் ஏற்ற இறக்கம், உன் இழுவை எல்லாம் அப்படியே வரும். நண்டு பேசாது, அக்காவைப் போல ஒரு குழந்தை பேசும். அதனால் வசனத்தை ராகமில்லாமல், கடைக்கணக்கு சொல்வதுபோல் சொல்லிவிட்டு, உடனே அவளிடம் ஒரு கேள்வி கேள். குரலில் இருக்க வேண்டிய உணர்ச்சியை அந்தக் கேள்விதான் கொண்டுவரும்.

எங்கள் படத்திலும் வலையில் மாட்டிய நண்டுதான். அதில் ஒரு வசனம்: "யாராவது இருக்கீங்களா? நான் இங்க மாட்டிக்கிட்டேன்." முதலில் அந்தக் குழந்தை அதைப் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இழுத்துச் சொன்னது. "பயந்து சொல்லு கண்ணு" என்றேன். குரலை நடுங்கவிட்டாள், டிவி சீரியல் மாதிரி. மூன்றாவது தடவை இன்னும் மோசம். அங்கே நிறுத்திவிட்டு, "கண்ணாமூச்சி விளையாடறப்ப நீ எங்க ஒளிவ?" என்று கேட்டேன். "கவுத்து வச்ச படகுக்கு அடியில" என்றாள். ஒரு தடவை அங்கே ஒளிந்திருந்தபோது மற்ற பிள்ளைகள் இவளை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "அப்ப என்ன பண்ண?" "கூப்புட்டேன். யாரும் வரல."

கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளச் சொன்னேன். கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கைத் தரையில் மடித்த துணிமேல் வைத்தேன். அறையில் யாரும் அவளுக்குப் பதில் பேசக் கூடாது என்று கண்ணால் காட்டினேன். உள்ளிருந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று வந்தது. நாங்கள் அசையவில்லை. நான்கு விநாடி மௌனம். பிறகு முன்னதைவிடச் சின்னக் குரலில், கேள்வியே இல்லாமல், "நான் இங்க மாட்டிக்கிட்டேன்" என்றாள். பெருமூச்சு ஒன்று தானாக வந்தது. அதுதான் படத்தில் இருக்கிறது.

அனிமேஷனில் பெரும்பாலும் குரல்தான் முதலில். படம் அதைக் கேட்டுத்தான் வரையப்படும். அந்த நான்கு விநாடியில் நண்டு ஒரு கொடுக்கை மட்டும் மெதுவாக இறக்குவதுபோல் வரைந்தார் எங்கள் அனிமேட்டர். அதனால் அவள் விடும் மூச்சையும் இடைவெளியையும் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடாதே. கட்டிலடிச் சத்தத்தில் ஒரு குறை உண்டு. அது பெட்டிக்குள் பேசுவதுபோல் இருக்கும். நண்டு வலைக்குள் சிக்கிய காட்சிக்குப் பொருந்தியது. திறந்த ஏரியில் நடக்கும் காட்சிகளை மெத்தை மூலையில்தான் எடுக்க வேண்டும், இரண்டையும் ஒரே காட்சிக்குள் கலக்கக் கூடாது.

விளையாட்டையே பதிவு செய்வது புதுசு இல்லை. ஜான், ஃபெய்த் ஹப்லி தம்பதி தங்கள் இரண்டு மகன்களும் விளையாடிப் பேசியதைப் பதிவு செய்து, அதற்குப் படம் வரைந்ததுதான் 1959இல் வந்த 'மூன்பேர்ட்'. அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. 2001இல் வந்த 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' படத்தில் 'பூ' என்ற குழந்தைக்குக் குரல் தந்த மேரி கிப்ஸ் மிகவும் சின்னவள். மைக் முன்னால் நிற்கவில்லை. அவள் விளையாடுகிற இடமெல்லாம் மைக்கோடு பின்னால் போய்ப் பேச்சைப் பிடித்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த முதல் ஐந்து நிமிஷப் பேச்சிலேயே பதிவை ஓடவிடு. "ரெடியா, ஸ்டார்ட்" என்று சொன்ன உடனே குழந்தையின் தோள் விறைக்கும், குரலும் விறைக்கும். டேக் எண்ணையும் சத்தமாகச் சொல்லாதே. நோட்டில் நீயே எழுதிக்கொள், பிறகு கோப்புக்கு `S03_L12_T02.wav` என்று பெயர் வை: மூன்றாவது காட்சி, பன்னிரண்டாவது வசனம், இரண்டாவது டேக்.

ஒரு வசனத்துக்கு மூன்று டேக். வரவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, அடுத்த பதிவில் முதல் வேலையாக அதை எடு. நான்காவது, ஐந்தாவது தடவையில் அவள் நண்டை மறந்து, 'அக்காவுக்கு என்னதான் வேணும்' என்று யோசிக்க ஆரம்பிப்பாள். "தப்பு" என்ற சொல்லை வாயில் வராமல் பார்த்துக்கொள். ஒவ்வொரு டேக்குக்கும் "சூப்பர்" என்பதும் உதவாது, அடுத்ததையும் அச்சாக அதேமாதிரிச் சொல்வாள். "இது எனக்குப் போதும். இப்ப நண்டுக்குத் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று நிலைமையை மாற்றிக் கொடு.

அவள் பேச்சைத் திருத்தாதே. எழுதியதில் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று இருந்ததை அவள் "ஒண்ணும் மாட்டல" என்றாள். ஏரியில் வலை இழுப்பவர் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் சொல்லும். வசனத்தைத்தான் மாற்றினோம்.

அறையில் அம்மாவோ பாட்டியோ ஒருத்தர் அவள் கண்ணில் படும்படி உட்காரட்டும். ஆனால் உதட்டசைத்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பெரியவர் வேண்டாம். எங்கள் பதிவில் சித்தப்பா ஒருவர் ஆசையாக அப்படிச் செய்தார். குழந்தை ஒவ்வொரு வரிக்கும் மைக்கை விட்டு அவர் பக்கம் திரும்ப, குரல் தூரத்தில் போய்ப் போய் வந்தது. "வாசல்ல பசங்க சத்தம் போடாம பாத்துக்கறீங்களா சித்தப்பா?" என்று மரியாதையாகக் கேட்டேன். அந்த வேலையை அவர் பிரமாதமாகச் செய்தார்.

கத்தல், அலறல் எல்லாவற்றையும் அன்றைய பதிவின் கடைசி இரண்டு நிமிஷத்துக்குத் தள்ளிவை. முதலிலேயே கத்தவிட்டால் அப்புறம் வரும் மெல்லிய வசனங்களில் கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். கத்தும்போது மைக்கை இரண்டு முழம் தள்ளி வை, பதிவு அளவைக் குறை, இரண்டே டேக்கோடு முடி. தொண்டையைச் செருமினாலோ "போதுமா?" என்று கேட்டாலோ அன்றைக்கு அத்தோடு சரி.

இன்னொன்று, அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார். ஏழு வயசில் முன்பல் ஆடிக்கொண்டிருக்கும். பல் விழுந்துவிட்டால் 'ச', 'ஸ' எல்லாம் காற்றோடு வரும். பாதிப் படம் ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி கேட்கும். ஆடும் பல்லைப் பார்த்தாயானால் நான்கு நாள் பதிவையும் இரண்டே வாரக் கடைசியில் முடித்துவிடு. மாற்றி எடுக்க வேண்டிய வசனம் இருந்தால் அதையும் அந்த மாதத்துக்குள்ளேயே கேட்டு வாங்கு.

தினமும் பதிவை முடித்து எழுந்திருப்பதற்கு முன் அரை நிமிஷம் எல்லோரும் பேசாமல் இருந்து வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போட அதுதான் துணி. அவளையே அதற்குப் பொறுப்பாக வைத்தேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கை விரல்களை மடக்கி முப்பது வரை மனசுக்குள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் மைக்குக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடிவிட்டாள்.