கடன்பத்திர வட்டியும் கடன் தீர்ப்பு நிதியும்

கம்பெனிக் கணக்கியலைப் பயிலும் மாணவர் பலர், டிபெஞ்சர் எனப்படும் கடன்பத்திர வட்டியைத் தனியே கற்பர். அக்கடனைத் தீர்க்கச் சேர்க்கும் சிங்கிங் பண்டைத் தனியே கற்பர். இரண்டும் சந்திக்கும் ஓரிடம் உண்டு. அங்கேதான் கணக்குப் பிழைபடுகின்றது. அவ்விடத்தை ஓர் உதாரணத்தால் விளக்க முயல்வோம்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், சூளையொன்று கட்டும்பொருட்டு ஒரு கம்பெனி 3,00,000 ரூபாய்க்கு 8 சதவீதக் கடன்பத்திரம் வெளியிட்டதாகக் கற்பித்துக்கொள்வோம். மூன்றாண்டில் கடனைத் தீர்க்கவேண்டும். வட்டி அரையாண்டுதோறும் கொடுபடும். சிறு தொகை பெறும் தனிநபர்க்கு வரிக் கழிவிலிருந்து விலக்கு உண்டாயினும், இங்கே பத்திரதாரர் யாவரும் 10 சதவீத வரி கழிக்கப்படவேண்டிய உள்நாட்டாரே எனக் கொள்வோம்.

அரையாண்டு வட்டி 12,000 ரூபாய். இதற்குரிய பதிவு வருமாறு:

கடன்பத்திர வட்டிக் கணக்கு — பற்று 12,000
கடன்பத்திரதாரர் கணக்கு — வரவு 10,800
செலுத்தவேண்டிய வருமானவரிக் கணக்கு — வரவு 1,200

பின்னர்ப் பத்திரதாரர்க்கும் அரசாங்கத்துக்கும் பணம் கொடுக்கும்போது, அவ்விரு கணக்குகளும் பற்றாகி, வங்கிக் கணக்கு வரவாகும். வரித்தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்தவேண்டும். மார்ச்சு மாதக் கழிவுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை உண்டு.

இங்கே கவனிக்கவேண்டுவது, கம்பெனியின் செலவு 12,000 ரூபாயேயன்றி 10,800 அன்று என்பதே. கழித்த வரி பத்திரதாரருடையது. கம்பெனி அதனை வாங்கிச் செலுத்தும் இடையாள் மாத்திரமே. ஆண்டிறுதியில் வட்டிக் கணக்கு 24,000 காட்டாமல் 21,600 காட்டுமாயின், நிகரத் தொகையைச் செலவாக எழுதிவிட்டனர் என அறியலாம்.

இனிக் கடன் தீர்ப்பு நிதியை நோக்குவோம். 5 சதவீத வட்டியில் மூன்றாண்டில் 3,00,000 சேர, ஆண்டுதோறும் 95,163 ரூபாய் ஒதுக்கவேண்டும். முதலாண்டு இறுதியில் இரு பதிவுகள் எழுதுவோம்:

லாபப் பங்கீட்டுக் கணக்கு — பற்று 95,163
கடன் தீர்ப்பு நிதிக் கணக்கு — வரவு 95,163

நிதி முதலீட்டுக் கணக்கு — பற்று 95,163
வங்கிக் கணக்கு — வரவு 95,163

முதற்பதிவு லாபத்தைப் பங்காதாயமாகப் போகாவண்ணம் தடுக்கின்றது; இரண்டாவது பணத்தை வெளியே வைக்கின்றது. நிதி வேறு, முதலீடு வேறு. ஐந்தொகையில் ஒன்று பொறுப்புப் பக்கத்திலும் மற்றொன்று சொத்துப் பக்கத்திலும் நிற்கும்.

இம்முதலீடு மற்றொரு கம்பெனியின் கடன்பத்திரமாயின், இரண்டாமாண்டு வட்டியாகிய 4,758 ரூபாயில் 476 வரியாகக் கழிந்து, 4,282 மட்டுமே கைக்கு வரும். இப்போது நம் கம்பெனியே பத்திரதாரர் நிலையில் நிற்கின்றது.

வங்கிக் கணக்கு — பற்று 4,282
திரும்பப்பெறவேண்டிய வரிக் கணக்கு — பற்று 476
கடன் தீர்ப்பு நிதிக் கணக்கு — வரவு 4,758

மாணவர் தவறுவது இவ்விடத்திலேயே. கைக்கு வந்த 4,282ஐயும் அவ்வாண்டு ஒதுக்கிய 95,163ஐயும் மட்டும் முதலீடு செய்தால், முதலீடு 1,94,608 ஆக நிற்கும். நிதியோ 1,95,084 ஆக இருக்கும். மூன்றாமாண்டிலும் அவ்வாறே செய்தால், கடன் தீர்க்கும் நாளில் 1,473 ரூபாய் குறையும். ஆதலின் கழிந்த 476ஐப் பொது வங்கி இருப்பிலிருந்து சேர்த்து, 99,921 ரூபாய் முழுவதையும் முதலீடு செய்தல்வேண்டும். அவ்வரி வீணாவதில்லை, கம்பெனி தன் வருமானவரியில் அதனை ஈடுசெய்துகொள்ளும். ஆண்டிறுதியில் நிதியும் முதலீடும் சமமாக நிற்கின்றனவா என ஒப்புநோக்குதலே இதற்குத் தக்க சோதனை.

மூன்றாமாண்டு இறுதியில் 9,754 ரூபாய் வட்டியும், பைசாக்களைச் சரிசெய்ய ஒரு ரூபாய் குறைத்து 95,162 ஒதுக்கீடும் நிதியில் வரவாக, நிதி சரியாக 3,00,000 ஆகின்றது. கடனை உடனே தீர்க்கவேண்டுவதால் அவ்வாண்டுத் தொகையை முதலீடு செய்வதில்லை. முன்னைய முதலீடு 1,96,000 ரூபாய்க்கு விலைபோனால், லாபம் 916ஐயும் நிதியிலேயே வரவு வைக்கவேண்டும். பிறகு கடன்பத்திரக் கணக்கைப் பற்றெழுதிப் பத்திரதாரர் கணக்கை வரவு வைத்து, வங்கி வழியாக 3,00,000 கொடுத்துத் தீர்ப்போம்.

கடன் தீர்ந்தபின்னும் நிதிக் கணக்கில் 3,00,916 வரவு நிற்பதைக் கண்டு சிலர் மயங்குவர். வெளியே சென்றது பணமே. நிதியோ ஒதுக்கிய லாபம். அந்த லாபம் இப்போது கடனற்ற சூளையாக உருக்கொண்டிருக்கின்றது. ஆகவே இறுதிப் பதிவு இது:

கடன் தீர்ப்பு நிதிக் கணக்கு — பற்று 3,00,916
பொதுக் காப்பு நிதிக் கணக்கு — வரவு 3,00,916

இம்முழுச் சேமிப்பைச் சட்டம் எல்லாக் கம்பெனிக்கும் விதித்ததென எண்ணலாகாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத சாதாரணக் கம்பெனி, 2019இல் திருத்திய விதிப்படி, நிலுவைக் கடன்பத்திர மதிப்பில் 10 சதவீதத்தை லாபத்திலிருந்து தனிக் காப்பு நிதியாக வைக்கவேண்டும். அதற்கு மேற்பட்ட லாப ஒதுக்கீடு பத்திர ஒப்பந்தத்தையோ கம்பெனியின் முன்யோசனையையோ பொறுத்தது.