‘வரை’ என்று எழுதினால் எதுவரை?



2015-ஆம் ஆண்டு துவரம்பருப்பு விலை ஏறிய ஏற்றம் நம் உறுப்பினர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் குல்பர்கா பக்கத்து மில் ஒன்றுக்கு ஆர்டர் அனுப்பினேன். “கிலோ 112 ரூபாய் வீதம், 50 கிலோ மூட்டையாக, 100 மூட்டை வரை அனுப்பி வைக்கவும்” என்று கடிதம். மில்லும் ஒப்புக்கொண்டு பதில் எழுதியது. அதை நம்பி நான் சில்லறைக் கடைக்காரர்களுக்கு 118 ரூபாய் விலையில் 100 மூட்டைக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வந்தது 40 மூட்டை. மீதி எங்கே என்று போன் செய்தேன். “அண்ணாச்சி, நீங்கள் 100 வரை என்றுதானே எழுதினீர்கள்? 40-ம் அதற்குள்தானே” என்றார்கள். அதற்குள் விலை ஏறிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மீதி 60 மூட்டையை, அதாவது 3,000 கிலோவை, வெளியில் 160 ரூபாய்க்கு வாங்கி 118 ரூபாய்க்குக் கொடுத்தேன். கிலோவுக்கு 42 ரூபாய் வீதம் 1,26,000 ரூபாய் நஷ்டம்.

மில்காரர் மீது எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் கடிதத்தை மறுபடி படித்தபோது, எழுத்தின்படி தப்பு என்னுடையது என்று புரிந்தது. ‘வரை’ என்ற சொல் மேல் எல்லையை மட்டும்தான் சொல்கிறது. 100-க்கு மேல் அனுப்பாதே என்கிறதே தவிர, இத்தனைக்குக் குறைத்து அனுப்பாதே என்று சொல்லவில்லை. கடைவாசலில் “20 சதவீதம் வரை தள்ளுபடி” என்று போர்டு வைப்பதும் இதே கணக்குத்தான். 5 சதவீதம் கொடுத்தாலும் அந்தப் போர்டு பொய் ஆகாது. அதே சொல்லை நாம் சரக்கு வாங்கும் இடத்தில் எழுதினால், கொடுப்பவருக்குத்தான் வசதி.

ஆகவே முதல் பாடம்: எல்லைச் சொல் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மட்டுமே கட்டும். ‘குறைந்தது’, ‘குறைந்தபட்சம்’, ‘குறையாமல்’ மூன்றும் கீழ்ப்பக்கத்தைக் கட்டுபவை. ‘அதிகபட்சம்’, ‘மிகாமல்’, ‘வரை’ மூன்றும் மேல்பக்கத்தைக் கட்டுபவை. “குறைந்தது 100 மூட்டை” என்று நான் எழுதியிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. விலை சரிந்திருந்தால் மில் 300 மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, 100-க்குக் குறையவில்லையே என்று சொல்லியிருக்கும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டுமானால் இரண்டு சொல் வேண்டும்.

இரண்டாவது பாடம் இன்னும் நுணுக்கமானது. எல்லையாகச் சொன்ன அந்த எண் உள்ளே சேருமா, வெளியே நிற்குமா? ‘100-க்கு மிகாமல்’ என்றால் 100 சேரும். ‘100-க்குக் குறையாமல்’ என்றாலும் 100 சேரும். ஆனால் ‘100-க்கு மேல்’ என்றால் 100 சேராது, 101-லிருந்துதான் கணக்கு. ‘100-க்குக் கீழ்’ என்றால் 99-உடன் சரி. ‘100-க்குள்’ என்பதை ஒருவர் 100-ஐச் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் படிப்பதால் அதை எழுத்தில் தவிர்ப்பது நல்லது.

ஒரே ஒரு எண்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. வருமான வரிச் சட்டத்தில் ரொக்கம் பற்றிய இரண்டு விதிகளைப் பாருங்கள். ஒரு நபருக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுக்கும் வியாபாரச் செலவு 10,000 ரூபாயை ‘மிகுந்தால்’, அது செலவாக ஏற்கப்படாது. (லாரி வாடகைக்கு வரம்பு வேறு.) சரியாக 10,000 கொடுத்தால் தவறில்லை. 10,001 கொடுத்தால், மிகுந்த 1 ரூபாய் மட்டுமல்ல, மொத்தத் தொகையும் தள்ளுபடி ஆகிவிடும்.

2017 ஏப்ரலில் வந்த மற்றொரு விதியின் வாசகம் வேறு. ‘2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல்’ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது அது. முதல் விதியைப் படித்த பழக்கத்தில், 2 லட்சம் வரை வாங்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. சரியாக 2,00,000 வாங்கினாலே விதி மீறல். 1,99,999 வரைதான் வாங்கலாம். மீறினால் அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். அந்த 1 ரூபாய் வித்தியாசத்துக்கு 2 லட்சம் போகும். ஒரு நபரிடம் ஒரு நாளில் என்பது மட்டுமல்ல, ஒரே பில்லுக்கு என்றும் கணக்கு உண்டு. 3 லட்சம் பில்லுக்கு இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று வாங்கினாலும் தப்ப முடியாது.

நம் கடை விலைப்பட்டியலிலும் இந்தக் கோளாறு உண்டு. “1 முதல் 10 மூட்டை வரை கிலோ 120 ரூபாய், 10 முதல் 50 மூட்டை வரை கிலோ 118 ரூபாய்” என்று எழுதிவிடுகிறோம். சரியாக 10 மூட்டை, அதாவது 500 கிலோ எடுப்பவருக்கு எந்த விலை? கடைப்பையன் 120 போடுவான், வாங்குபவர் 118 கேட்பார். 1,000 ரூபாய்க்காக நாள்பட்ட வாடிக்கையாளரோடு மனக்கசப்பு வரும். “10 மூட்டைக்குக் குறைந்தால் 120, 10 மூட்டையும் அதற்கு மேலும் 118” என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

தரத்தை எழுதும்போது இன்னொன்றும் சேரும். “ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மிகாமல்” என்று எழுதியிருக்கிறோம், மீட்டர் 12.4 காட்டுகிறது. வாங்கியவர் மிகுந்துவிட்டது என்பார். விற்றவர், முழு எண்ணாக எடுத்தால் 12-தானே என்பார். “12.0 சதவீதத்துக்கு மிகாமல்” என்று புள்ளி வைத்து எழுதினால், எத்தனை நுணுக்கமாகப் பார்ப்பது என்பதும் அதிலேயே முடிவாகிவிடும்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகு என் ஆர்டர் கடிதம் இப்படித்தான் போகிறது: “துவரம்பருப்பு 50 கிலோ மூட்டை, 95-க்குக் குறையாமலும் 100-க்கு மிகாமலும். ஈரப்பதம் 12.0 சதவீதத்துக்கு மிகாமல். சரக்கு 15-ஆம் தேதி மாலை 6 மணிக்குள் எங்கள் குடோனுக்கு வந்து சேர வேண்டும். 95-க்குக் குறைந்தால், குறைந்த மூட்டைகளை வெளியில் வாங்கும் விலை வித்தியாசம் தங்களைச் சேர்ந்தது.” கடைசி வரி முக்கியம். எல்லையை மீறினால் என்ன என்று எழுதாவிட்டால், எல்லை வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

கையெழுத்துப் போடுமுன் கணக்குப்பிள்ளையை எதிரே உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பேன். 100 மூட்டை வந்தால் ஏற்கலாமா? 101 வந்தால்? 94 வந்தால்? கடிதத்தை மட்டும் பார்த்து அவர் தயங்காமல் பதில் சொன்னால் கடிதம் தபாலுக்குப் போகும். ஒரு கேள்விக்குத் தயங்கினாலும் திருத்தி எழுதுவோம்.