நேர்முகப் பரீட்சையில் அனுபவத்தைச் சொல்வது எப்படி?

“வேலைத்தலத்தில் எழுந்த பிரச்சினை ஒன்றை நீங்கள் எவ்வாறு தீர்த்தீர்கள்? ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.” நேர்முகப் பரீட்சைகளில் இத்தகைய கேள்வி அடிக்கடி வருகிறது. ஒருவர் முன்பு நடந்துகொண்ட விதத்திலிருந்து, இனி எவ்வாறு நடப்பார் என்பதை அறியவே இப்படிக் கேட்கிறார்கள்.

இதற்கு விடையை ஒழுங்குபடுத்த ‘ஸ்டார்’ என்னும் முறை உதவும். சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்பவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே இப்பெயர்.

பால் சேகரிப்பு நிலையமொன்றில் பதிவு எழுதிய யுவதி ஒருவர், வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஆயத்தம் செய்த விடை இது:

“பால் புளித்துத் திரும்பி வந்தது. நாங்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். பிறகு பிரச்சினை தீர்ந்தது.”

இதில் பொய் இல்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பது ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிட்டது. அதே சம்பவத்தை நான்காகப் பிரித்துப் பார்ப்போம்.

சூழ்நிலை: “மூன்று கிழமைகளில் ஏழு கான் பால் புளித்ததென்று திருப்பி அனுப்பப்பட்டது. விவசாயிகளுக்குப் பணம் கிடைக்கவில்லை.”

பொறுப்பு: “வரவைப் பதிவது என் வேலை. காரணத்தைக் கண்டறியும்படி முகாமையாளர் என்னிடம் கூறினார்.”

செயல்: “ஒவ்வொரு கானும் வந்த நேரத்தைக் கொப்பியில் குறித்தேன். புளித்தவை பெரும்பாலும் ஆறு மணிக்கே வந்து, ஒன்பது மணிக்கு லொறி வரும்வரை வெயிலில் நின்றவை என்று கண்டேன். அருகில் வசிப்போரை எட்டு மணிக்கு வரும்படி கேட்டேன். இருவர் மறுத்தார்கள், கொப்பியைக் காட்டியபோது சம்மதித்தார்கள். முந்தி வந்த கான்களை நிழலில், தண்ணீர்த் தொட்டியில் வைத்தேன். தொட்டியைக் கட்டியவர் காவலாளி.”

விளைவு: “அடுத்த மூன்று கிழமைகளில் ஒரு கான் மட்டுமே திரும்பியது. அதன் மூடியின் றப்பர் வளையம் சரியாகக் கழுவப்படவில்லை. அன்றுமுதல் மூடிகளையும் பார்க்கிறேன்.”

இங்கே செயலே மிக நீளமானது. பலர் சூழ்நிலையை விவரிப்பதிலேயே நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். சொல்லிப் பார்க்கும்போது மணிக்கூட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் பாதியாவது செயலுக்குச் செல்லவேண்டும்.

‘நான்’ என்று சொல்வது தற்பெருமையாகுமோ என்று தயங்கவேண்டாம். பிறர் செய்ததை அவர் பெயரிலேயே சொல்லிவிட்டால், உங்கள் பங்கு நேர்மையாகத் தெரியும். தொட்டியையும் தானே கட்டியதாக அந்த யுவதி கூறியிருந்தால், “எத்தனை பை சீமெந்து பிடித்தது?” என்ற அடுத்த கேள்வியில் அகப்பட்டிருப்பார்.

விளைவுக்கு எண்ணிக்கை இல்லாவிடில், என்ன மாறியதென்று சொன்னாலும் போதும். எண்ணைக் கற்பனை செய்யக்கூடாது.

பயிற்சி: உங்கள் வேலையில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை எழுதுங்கள். ‘நாங்கள்’ என்று வரும் இடங்களுக்குக் கீழே கோடிட்டு, அங்கே உண்மையில் யார் செய்தார் என்று எழுதிப் பாருங்கள்.