சிறுமியின் தீர்ப்பும் வாசகரின் அறிதலும்: அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில் கதைசொல்லியின் நோக்குநிலை

முன்னுரை

குழந்தையின் பார்வையில் அமையும் கதைகளில், கண்டதைச் சொல்பவர் ஒருவர். அதன் பொருளை உணர்பவர் மற்றொருவர். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் வரிப்பாக்கிக்காகக் கதவு பெயர்க்கப்படுவதைக் குழந்தைகள் தம் விளையாட்டுப் பொருளின் இழப்பாக உணர்கின்றனர். ஆனால் அக்கதையைச் சொல்வது படர்க்கைக் குரல். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ தன்மைக் கூற்றாக அமைவதால், சிறுமியின் அறிதலுக்கு அப்பால் வாசகரை வழிநடத்தும் வேறு குரல் அங்கில்லை. இந்நிலையில் வாசகர் கூடுதலாக அறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைக்கப்படாத இரு செய்திகள்

தாய் தம் சகோதரியின் மகளுக்கு நடைபெறும் பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்காக வெளியூர் சென்றிருக்கும்போது சிறுமி பூப்பெய்துகிறாள். அச்சமும் குழப்பமும் அடைந்த அவள், தாய் வந்து இதனை அழகாக விளக்குவாள் என்று காத்திருக்கிறாள். தாயைப் பற்றிய அவளுடைய நினைவுகள் யாவும் பேரழகும் பரிவும் நிறைந்தவை. ஆகவே எதிர்பார்ப்பு பெரிதாகிறது. திரும்பி வந்த தாயோ இதற்குள் என்ன அவசரம் என்னும் பொருள்படக் கடிந்துகொள்கிறாள்.

மணமகன் வீட்டார் பெண்ணின் கறுப்பு நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர் என்னும் செய்தியும் கதையில் உண்டு. சிறுமி அதனைக் கேட்கிறாள், நமக்கும் சொல்கிறாள். ஆயினும் தாயின் சொல்லோடு அதனைப் பொருத்திப் பார்ப்பதில்லை. அவளும் கறுப்பு நிறத்தவள் என்பது கதையில் முன்னரே இடம்பெற்றுள்ளது. இம்மூன்றையும் இணைக்கும் வாசகருக்கே, தாய் மகளின் வருங்காலத்தைக் கண்டு அஞ்சியமை புலனாகிறது. சிறுமி மறைக்கும் செய்தி எதுவுமில்லை. அவள் விட்டுவிடுவது காரணத் தொடர்பை மட்டுமே.

தலைப்பும் தீர்ப்பும்

‘கொலை’ என்பது கதைசொல்லியின் சொல். தாயின் அச்சத்தை அறிந்த வாசகர் அச்சொல்லை அப்படியே ஏற்க இயலாது. நிறத்தை அளவுகோலாகக் கொண்ட திருமணச் சந்தை தாயின் வாய்வழியே பேசுகிறது என்று கொள்ள இடமுண்டு. எனினும் தாயை முற்றிலும் விடுவிக்கும் வாசிப்பும் குறையுடையதே. காரணம் அறிந்ததால் காயம் இல்லாமற் போவதில்லை. சிறுமி பிழைபட உணர்ந்தது தாயின் நோக்கத்தை. தனக்கு நேர்ந்த இழப்பை அன்று.

முடிவுரை

படர்க்கைக் குரல் விளக்கத்தக்க இடங்களில் தன்மைக் கூற்று செய்திகளை அருகருகே வைத்து அமைகிறது. அவற்றை இணைக்கும் பொறுப்பு வாசகருக்கு விடப்படுகிறது. அதனால் வாசகர் தாயின் அச்சத்தையும் மகளின் தனிமையையும் ஒருசேர அறிகிறார். கதைக்குள் அவ்விருவரும் ஒருவரையொருவர் அவ்வாறு அறிவதில்லை.