சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. மெதுவாகப் பேசினால் "என்ன?" என்கிறார், சற்று உரக்கச் சொன்னால் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபப்படுகிறார். கல்யாணம், கோயில் எதற்கும் வருவதில்லை. காலையில் சொன்னதை மாலையில் "சொல்லவே இல்லையே" என்கிறார். மறதி நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பரிசோதனையில் 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் என்று வந்தது. காது மெஷின் வாங்கினோம். பாத்திரச் சத்தம் தாங்க முடியவில்லை என்று இரண்டே நாளில் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் தந்த இரண்டு எண்களிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. தாழ்ந்த சுருதி ஒலிகள் அப்பாவுக்கு ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. உயர்ந்த சுருதி ஒலிகள்தான் மங்கிவிட்டன. பேச்சில் 'அ', 'ஆ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக ஒலிப்பவை. க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகளோ பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. அதனால் பேசுவது காதில் விழும். ஆனால் சொன்னது கட்டா, தட்டா, பட்டா என்று தெரியாது.

உரக்கப் பேசினால் கோபம் வருவதற்கும் காரணம் காதுக்குள்ளேயே இருக்கிறது. உள்காதின் மயிர்ச் செல்கள் பழுதானால் மெல்லிய ஒலி கேட்காமல் போகும்; பலத்த ஒலி மட்டும் நமக்குக் கேட்கும் அளவுக்கே அவருக்கும் கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது.

விடுபட்ட எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கே கவனம் செலவாகிவிடுவதால், சொன்ன செய்தி மனதில் பதிவதில்லை. பதியாதது பிறகு எப்படி நினைவுக்கு வரும்? பலர் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீட்டில் இந்த உழைப்பு பல மடங்காகும். தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ள, மனிதர் ஒதுங்குகிறார். அந்தத் தனிமை மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, நிதானமாக ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி கழித்துக் கேளுங்கள். நினைவிருந்தால் சிக்கல் பெரும்பாலும் காதில்தான். சரியாகக் கேட்டும் அடிக்கடி மறந்தால், பழகிய வழி தவறினால், பணக்கணக்கு குழம்பினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காதுக்குறையும் மறதி நோயும் சேர்ந்தும் வரலாம்.

காது மெஷின் மறதி நோயைத் தடுக்குமா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்த 'அச்சீவ்' ஆய்வு 2023இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிந்தனைத் திறன் குறையும் அபாயம் ஏற்கெனவே கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும், அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே உறுதி தர முடியாது. ஆனால் உரையாடல் எளிதாகும் என்ற ஒரு பயனுக்காகவே மெஷின் போடலாம்.

பாத்திரச் சத்தம் உறுத்துவதால் மெஷின் சரியில்லை என்று பொருளில்லை. எவர்சில்வர் தட்டின் ஒலி உயர்ந்த சுருதி. மூளை அதைப் பல ஆண்டுகளாகச் சரியாகக் கேட்கவில்லை. நல்ல மெஷின் மெல்லிய ஒலியை அதிகமாகவும், பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். அந்த அளவுகளை அவருடைய பரிசோதனைக்கு ஏற்பக் கணினியில் அமைக்க வேண்டும். மெஷினோடு அவரை ஆடியாலஜிஸ்ட்டிடம் அழைத்துச் செல்லுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே சேரும் ஒலியை அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். எந்தச் சத்தம், எங்கே உறுத்தியது என்று குறித்துக்கொண்டு போனால் வேலை எளிது. விசில் சத்தம் வந்தால் காது மோல்டு பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது.

முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவர் மட்டும் பேச, தினம் இரண்டு மணி நேரம் போடட்டும். பிறகு நேரத்தைக் கூட்டி, சமையலறைக்கும் கடைத்தெருவுக்கும் கடைசியாகக் கல்யாண மண்டபத்துக்கும் போகட்டும். பழகச் சில வாரங்கள் ஆகும். கூட்டத்தில் மெஷின் போட்டாலும் இளவயதுக் காதுபோல் கேட்காது; அங்கே நீங்கள் அருகில், அவர் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

திடீரென, குறிப்பாக ஒரு காதில் மட்டும், கேட்காமல் போனால் அது முதுமை அல்ல. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைத் தாமதிக்காமல் தொடங்கினால்தான் பலன் கூடும்.