‘வர மாட்டேன்’னு பெரியப்பாவுக்கு அனுப்பாதீங்க

போன செமஸ்டர்ல எங்க பெரியப்பா பொண்ணுக்குக் கல்யாணம். அதே சனிக்கிழமை காலைல எனக்கு பிராக்டிகல் எக்ஸாம். நான் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பினேன்:

“பெரியப்பா, சனிக்கிழமை கல்யாணத்துக்கு வர மாட்டேன். லேப் எக்ஸாம் இருக்கு. அக்கா கிட்ட சொல்லிடுங்க.”

ப்ளூ டிக் வந்தது. பதில் வரலை. ராத்திரி அம்மா போன் பண்ணி, “என்னடா, வர மாட்டேன்னு எழுதி இருக்கியாமே? உனக்கு என்ன கோபம்?”னு கேட்டாங்க. எனக்கு ஒரு கோபமும் இல்லை. ‘சொல்லிடுங்க’ன்னு மரியாதையாத்தானே எழுதினேன்! எங்கே தப்பு நடந்ததுன்னு எங்க தமிழ் மன்றத்துப் பேராசிரியர் கிட்ட உட்கார்ந்து கேட்டப்போதான் புரிஞ்சது. ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் படிச்ச உங்கள்ல பல பேருக்கும் இதே குழப்பம் இருக்கும்னு நினைச்சு எழுதுறேன்.

முதல் பிரச்சினை ‘மாட்டேன்’. இலக்கணப்படி அது தப்பே இல்லை. எதிர்காலத்துல நடக்காத ஒன்றைச் சொல்ல அதுதான் வடிவம். “அம்மா நாளைக்கு வர மாட்டாங்க” என்றால் அது வெறும் தகவல். ஆனா ‘பஸ் வர மாட்டாது’ன்னு யாரும் சொல்றதில்லை, ‘பஸ் வராது’ன்னுதான் சொல்வோம். ஏன்னா ‘மாட்டு’ங்கிறது மனசு இருக்கிற ஆளுக்குத்தான் சேரும். அதே சொல் ‘நான்’ கூடச் சேரும்போது அந்த மனசு என்னோடது ஆயிடுது. ‘வர மாட்டேன்’ என்றால், வரலாம், ஆனா வரப் போறதில்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்னு கேட்கும். நேர்ல சொன்னா குரல் காப்பாத்திடும். மெசேஜ்ல குரல் இல்லை.

அப்போ ‘வர முடியாது’ன்னு போடலாமா? கொஞ்சம் பரவாயில்லை, ஆனா அதுவும் கதவைச் சாத்துற மாதிரிதான். “முடியாது!”ன்னு சண்டைல சொல்ற அதே சொல். ‘வர முடியல’ன்னு பாருங்க, சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனா இதுல தீர்ப்பு இல்லை, நான் மாட்டிக்கிட்டிருக்கிற நிலைமை மட்டும்தான் இருக்கு. இன்னும் நடக்காத கல்யாணத்துக்குக் கூட ‘வர முடியல பெரியப்பா’ன்னு பேச்சுத் தமிழ்ல தாராளமாச் சொல்லலாம். எழுத்துத் தமிழ்ல இதுக்கு இணை ‘வர இயலாத நிலையில் உள்ளேன்’. அதுவும் ‘என்னால்’தான், ‘எனக்கு வர முடியல’ இல்லை. இந்தத் தப்பை நான் முதலாம் ஆண்டுல நிறைய பண்ணியிருக்கேன்.

ரெண்டாவது பிரச்சினை ‘சொல்லிடுங்க’. ‘ங்க’ போட்டா மரியாதை வந்துடும்னு நாம நம்புறோம். மரியாதை வரும், உண்மைதான். ஆனா அது மரியாதையான கட்டளை. பெரியப்பாவுக்கு நான் ஒரு வேலை வச்சிருக்கேன், அதுவும் அவர் பொண்ணு கல்யாண வேலைக்கு நடுவுல. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. வாக்கியத்தோட கடைசி வினைச்சொல்லைப் பாருங்க. அதைச் செய்ய வேண்டியது யார்? எதிர்ல இருக்கிறவர் என்றால் அது கட்டளை. ‘நான்’ என்றால் வேண்டுகோள்.

இதைப் பேராசிரியருக்கு எழுதும் மெசேஜ்ல வச்சுப் பார்ப்போம். ‘அனுமதி கொடுங்கள்’ என்பதில் செய்ய வேண்டியவர் அவர். சரி, இன்னும் தூய தமிழா இருக்கட்டும்னு நம்ம பசங்க ‘அனுமதி அளிக்கவும்’னு எழுதுவாங்க. இந்த ‘வும்’ எங்கெல்லாம் வரும்னு யோசிங்க: ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘வரிசையில் நிற்கவும்’. போர்டு பேசுற தமிழ் அது. ஒரு பேராசிரியருக்குப் போர்டு மாட்ட வேண்டாமே! ‘அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் கடைசி வினை ‘கொள்கிறேன்’, அதாவது என்னுடையது. கேட்கிறது மட்டும்தான் நான், கொடுக்கிறதும் மறுக்கிறதும் அவர் கையில்.

‘தாங்கள்’ போடணுமான்னு கேட்பீங்க. நேர்மையாச் சொன்னா ‘நீங்கள்’ போதும். ‘தாங்கள்’ போட்டா கடைசி வரைக்கும் அதைக் காப்பாத்தணும். ‘தாங்கள் அறிவீர்கள்’ என்றுதான் முடியும், ‘அறிவார்கள்’ இல்லை. ‘தங்களிடம்’னு ஆரம்பிச்சு ரெண்டு வரி தள்ளி ‘உங்க கிட்ட’ன்னு இறங்கினா, மேல கோட்டு, கீழ லுங்கி கதைதான்.

இன்னொரு இடத்துல நாம சறுக்குவோம். பேச்சுல இருக்கிற ‘ஆங்க’வை எழுத்துக்கு மாத்துற இடம். என் நண்பன் அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒத்திகைக்கு வர முடியலைன்னு சொல்ல, “அப்பாவை மருத்துவமனையில் அனுமதித்திருக்கிறார்” என்று எழுதினான். படிச்ச பேராசிரியருக்கு யார் அனுமதித்தார்னு புரியலை. அவன் மனசுல இருந்தது ‘அட்மிட் பண்ணியிருக்காங்க’. பேச்சுல ‘ஆங்க’ ஒரே உருவம், ரெண்டு வேலை. ‘அப்பா வந்திருக்காங்க’ என்பதில் அது ஒருத்தருக்கான மரியாதை, எழுத்துல ‘வந்திருக்கிறார்’. ‘அட்மிட் பண்ணியிருக்காங்க’ என்பதில் அது பல பேர், ஆஸ்பத்திரிக்காரங்க. எழுத்துல ‘அனுமதித்திருக்கிறார்கள்’. கடிதத்துல ‘அப்பா மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்’ என்று எழுதிட்டா சிக்கலே இல்லை, மரியாதையும் அப்பாவுக்கே போகும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தினது இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் அப்பா உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். அதனால் நாளையும் நாளை மறுநாளும் ஒத்திகைக்கு வர இயலாத நிலையில் உள்ளேன். இந்த இரண்டு நாட்களுக்கு அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன்.”

கீழே பெயர், ஆண்டு, துறை. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ எல்லாம் தாள்ல எழுதுற விண்ணப்பத்துக்கு இருக்கட்டும்.

இப்போ எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதே நடையில பெரியப்பாவுக்கு அனுப்பியிருந்தா சரியா இருந்திருக்குமா? “மதிப்பிற்குரிய பெரியப்பா, வர இயலாத நிலையில் உள்ளேன், மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” எழுதிப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. கிண்டல் பண்றேன்னு நினைப்பார், இல்லேன்னா உறவையே முறிச்சுக்கிட்டேன்னு நினைப்பார். எழுத்துத் தமிழ் தூரத்தைக் காட்டும். பேராசிரியர் கிட்ட அந்தத் தூரம்தான் மரியாதை. தோள்ல தூக்கி வளர்த்தவர் கிட்ட அதே தூரம் அவமரியாதை. வீட்டுல மரியாதை வேற இடத்துல இருக்கு: பேச்சுத் தமிழ்லேயே எழுதணும், காரணத்தை முதல்ல சொல்லணும், ‘பெரியப்பா’ன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கூப்பிடணும். கடைசி வினை என்னோடதா இருக்கணும்ங்கிறது மட்டும் ரெண்டு இடத்துக்கும் பொது.

உண்மையில மெசேஜே தப்பு, முதல்ல போன் பண்ணியிருக்கணும்னு அம்மா சொன்னாங்க. அதுவும் சரிதான். ஆனா அன்னிக்கு மண்டப வேலையில பெரியப்பா போன் எடுக்கலைன்னு வச்சுக்கிட்டா, நான் அனுப்பியிருக்க வேண்டியது இதுதான்:

“பெரியப்பா, சனிக்கிழமை காலைல எனக்கு பிராக்டிகல் எக்ஸாம் போட்டுட்டாங்க. வெளியில இருந்து எக்ஸாமினர் வர்றாங்க, தேதி மாத்த முடியாதாம். கேட்டுப் பார்த்துட்டேன். முகூர்த்தத்துக்கு வர முடியல பெரியப்பா. அக்கா கிட்ட ராத்திரி நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். எக்ஸாம் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவேன், ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு அங்கே இருப்பேன்.”