இரண்டு வினாடி, நான்கு வினாடி

பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாகப் பயணம் செய்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். முந்திச் செல்லும் தடத்தில் ஏழெட்டு மகிழுந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றில் கட்டி இழுத்ததைப் போல விரைகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மூன்று மகிழுந்துகள் நிற்கும் அளவு இடம்கூட இல்லை. இப்படிச் செல்லும் ஓட்டுநரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "முன்னால் போகிறவர் பிரேக்கை அழுத்தினால் நானும் அழுத்திவிடுவேன். என் வண்டியின் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது."

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து மற்றப் பாதியில் இருக்கிறது.

ஒரு மகிழுந்து நிற்பதற்கு இரண்டு தூரங்கள் தேவைப்படுகின்றன. முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, காலை எடுத்து பிரேக்கின்மேல் வைக்கும்வரை வண்டி கடக்கும் தூரம் முதலாவது. பிரேக் பிடித்த பிறகு, நிற்கும்வரை கடக்கும் தூரம் இரண்டாவது. இரண்டு வண்டிகளின் பிரேக்கும் டயரும் ஒரே தரத்தில் இருந்தால், இரண்டாவது தூரம் இரண்டுக்கும் சமம். அதனால் அது மோதலுக்குக் காரணமாவதில்லை. ஆனால், முதல் தூரம் பின்னால் வருபவருக்கு மட்டுமே உரியது. முன்னால் செல்பவர் ஏற்கெனவே பிரேக் பிடித்துவிட்டார். பின்னால் வருபவரோ இன்னும் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு நல்ல பிரேக்கும் கால் அதன்மேல் படும்வரை வேலை செய்யாது அல்லவா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டு மகிழுந்துகள் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அதாவது, ஒரு வினாடிக்கு 25 மீட்டர். இடைவெளி 15 மீட்டர். சாலை காய்ந்திருக்கிறது. முன்வண்டி திடீரென முழு விசையுடன் பிரேக் பிடிக்கிறது. அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 7 மீட்டர் அளவு குறைகிறது. பின்வண்டி ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி ஆகிறது. விழிப்புடன் இருப்பவருக்கே இவ்வளவு நேரம் ஆகலாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் கூடும்.

அந்த ஒன்றரை வினாடியில் பின்வண்டி 37 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. வேகம் குறைந்துவந்த முன்வண்டியோ ஏறத்தாழ 30 மீட்டர்தான் கடந்திருக்கிறது. 15 மீட்டர் இடைவெளி 7 மீட்டராகச் சுருங்கிவிட்டது. இப்போதுதான் பின்வண்டி பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. ஆனாலும், முன்வண்டியைவிட அது மணிக்கு 38 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வருகிறது. இரண்டும் ஒரே அளவில் வேகத்தைக் குறைப்பதால் இந்த வேறுபாடு அப்படியே நீடிக்கிறது. முக்கால் வினாடிக்குள் மோதல் நிகழ்கிறது. அந்நேரத்தில் முன்வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். பின்வண்டியின் வேகம் 73. பின்வண்டி ஓட்டுநர் தூங்கவில்லை. அவருடைய பிரேக்கிலும் குறை இல்லை. அவரிடம் இல்லாதது இடம் மட்டுமே.

இதே நிலையில் 38 மீட்டர் இடைவெளி இருந்திருந்தால், முன்வண்டியைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது பின்வண்டி நின்றிருக்கும். அதனால்தான் சிறிது கூட்டி, இரண்டு வினாடி இடைவெளி விடும்படி ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கிறார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர் ஆகும். மீட்டரில் சொல்லாமல் வினாடியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடும் வண்டியிலிருந்து 50 மீட்டரைக் கண்ணால் அளப்பது கடினம். மேலும், வேகம் கூடும்போது இரண்டு வினாடிக்குரிய தூரமும் தானாகவே கூடிவிடும்; மணிக்கு 110 கிலோமீட்டரில் அது 61 மீட்டர் ஆகிவிடுகிறது.

அளக்கும் முறையை நீங்கள் பின்னிருக்கையிலிருந்தே செய்து பார்க்கலாம். சாலையோரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தையோ கிலோமீட்டர் பலகையையோ தேர்ந்தெடுங்கள். முன்வண்டியின் பின்பகுதி அதைக் கடந்தவுடன், "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வண்டி அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் இடைவெளி போதவில்லை. முதன்முறை எண்ணிப் பார்க்கும் பலர் "ஆயிரத்து ஒன்று" என்பதைக்கூட முடிக்க முடியாமல் வியப்படைவார்கள்.

இனி மழைக்கு வருவோம். இங்கே ஒரு கேள்வி எழும். மழையில் பிரேக் தூரம் இரண்டு வண்டிக்கும்தானே கூடுகிறது? முன்வண்டியும் மெதுவாகத்தானே நிற்கும்? அப்படியானால் இடைவெளியை ஏன் கூட்ட வேண்டும்?

'ஒரே தரம்' என்று நாம் வைத்துக்கொண்ட கணக்கு மழையில் உடைந்துவிடுகிறது என்பதே விடை. காய்ந்த சாலையில் புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் பிடிப்பில் பெரிய வேறுபாடு தெரியாது. ஈரச் சாலையிலோ, டயரின் பள்ளங்கள்தாம் நீரை வெளியே தள்ளி, ரப்பரைத் தரையில் படிய வைக்கின்றன. பள்ளம் ஆழமாக உள்ள முன்வண்டி 52 மீட்டரில் நிற்கும்போது, தேய்ந்த டயருடன் வரும் பின்வண்டிக்கு 78 மீட்டர் தேவைப்படலாம். வேறுபாடு 26 மீட்டர். அதோடு, சக்கரங்கள் வாரி இறைக்கும் நீர்த்திவலைகளும் கண்ணாடியில் வழியும் நீரும் சிவப்பு விளக்கை மங்கச் செய்வதால், ஒன்றரை வினாடி இரண்டு வினாடியாக நீளலாம். அதற்கு 50 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 76 மீட்டர். காய்ந்த சாலைக்குப் போதுமாயிருந்த 50 மீட்டர் இப்போது போதவில்லை. எனவேதான் மழையில் நான்கு வினாடி, அதாவது அதே வேகத்தில் 100 மீட்டர் என்று எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறோம்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில் இன்னும் கவனம் தேவை. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழவழப்பாகின்றன. மாறாக, நீர் தேங்கும் அளவுக்குக் கனமழை பெய்தால் டயர் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கக்கூடும். திருப்புவளையம் திடீரென்று இலேசாகிவிட்டதைப் போல உணர்வது அதன் அறிகுறி. டயர் மிதக்கும்போது பிரேக்குக்கே பலன் இல்லை. நான்கு வினாடியும் காப்பாற்றாது. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

"இவ்வளவு இடம் விட்டால் யாராவது நடுவில் நுழைந்துவிடுவார்களே!" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். நுழையத்தான் செய்வார்கள். அப்போது வேகத்தைச் சற்றுக் குறைத்து மீண்டும் இடைவெளியை உண்டாக்க வேண்டும். ஒருவர் நுழைவதால் நாம் இழப்பது சில வினாடிகளே. பத்துப் பேர் நுழைந்தாலும், கோலாலம்பூரை அரை நிமிடம் தாமதமாக அடைவோம், அவ்வளவுதான்.

நம் பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் என்ன செய்வது? அவரை அச்சுறுத்துவதற்காகத் திடீரென பிரேக்கைத் தொடுபவர்கள் உண்டு. அது மோதலை நாமே வரவழைப்பதாகும். வாய்ப்புக் கிடைத்ததும் இடத் தடத்துக்கு மாறி அவருக்கு வழிவிடலாம். அதுவரை, நமக்கு முன்னே உள்ள இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். முன்னே இடம் இருந்தால் நாம் மெதுவாக, முன்கூட்டியே பிரேக் பிடிக்க முடியும். பின்னால் வருபவருக்கு, அவர் விடத் தவறிய நேரம் நம்மிடமிருந்து கிடைக்கும்.